சொல் தனியாக வருவதில்லை

தமிழ் ஐயாவுக்கும் ஆங்கில ஆசிரியைக்கும் பதினொன்றாம் வகுப்பு நண்பர்களுக்கும் வணக்கம்.

போன கோடை விடுமுறையில் ஒரு நோட்டுப் போட்டேன். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழில் பொருள். நாளைக்கு இருபது சொற்கள். காலையில் மொட்டை மாடியில் நடந்துகொண்டே உருப்போடுவேன். விடுமுறை முடியும்போது நோட்டு நிரம்பிவிட்டது. ஆங்கிலம் கைக்கு வந்துவிட்டது என்றே நம்பினேன்.

காலாண்டுத் தேர்வில் ஒரு பேருந்துப் பயணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். திருமங்கலத்திலிருந்து பெரியார் நிலையம் போகிற காலைநேரப் பஸ் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். 'கூட்டத்தில் ஒருவர் என்னை இடித்துவிட்டார்' என்று எழுத வேண்டும். என் நோட்டில் 'டிமாலிஷ் - இடி' என்று இருந்தது. அதையே போட்டு எழுதினேன். ஒரு பழைய கட்டடத்தைத் தரைமட்டம் ஆக்குவது போல அவர் என்னை இடித்துத் தள்ளினார் என்று அதற்கு அர்த்தம் வந்துவிட்டது. ஆசிரியை திட்டவில்லை. அந்தச் சொல்லைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஓரத்தில் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: 'இந்தச் சொல்லை எங்கே பார்த்தாய்?'

என்னிடம் பதில் இல்லை. என் நோட்டைத் தவிர வேறெங்கும் அதை நான் பார்த்ததே இல்லை. இன்றைக்கு இங்கே நின்று பேசுவதற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

சுவரும் இடியும், தோளும் இடிக்கும், மாவும் இடிப்போம், மழை நாளில் வானமும் இடிக்கும். தமிழில் இவற்றை நாம் குழப்பிக்கொள்வதே இல்லை. யாரும் நமக்குப் பட்டியல் தரவில்லை. ஒவ்வொரு 'இடி'யையும் அதற்குரிய இடத்தில், அதற்குரிய ஆட்களோடு கேட்டு வளர்ந்திருக்கிறோம். பட்டியல் செய்வது என்னவென்றால், சொல்லை அதன் சொந்தக்காரர்களிடமிருந்து பிரித்துத் தனியாகக் கொண்டுவந்து நிறுத்துகிறது. சொல்லின் பெயர் தெரியும், அது யாரோடு பழகும் என்பது தெரியாது.

போன வருடம் தமிழில் சொல் வளம் பற்றி ஒரு பாடம் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பயிர்களின் அடிப்பகுதிக்கு எத்தனை பெயர்கள்! நெல்லுக்குத் தாள், கீரைக்குத் தண்டு, கரும்புக்குக் கழி, மூங்கிலுக்குக் கழை, சோளத்துக்குத் தட்டை, வேம்புக்கு அடி. பரீட்சைக்காக எல்லாரும் மனப்பாடம் செய்தோம். சென்ற வாரம் நம் வகுப்பில் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலோர் கழியையும் கழையையும் மாற்றிச் சொன்னார்கள். ஆனால் சோளத்தட்டையை யாரும் தவறவிடவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் யோசிக்கக்கூட இல்லை. மாட்டுக்குத் தினமும் அதைத்தானே அள்ளிப் போடுகிறார்கள்!

வாழ்க்கையில் பார்க்க முடிகிற சொற்கள் சரி. பார்க்க முடியாத சொற்களுக்கு எங்கே போவது? அதற்குத்தான் வாசிப்பு.

என் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மல்லிகை போட்டிருக்கிறார். தினமும் சாயங்காலம் நாளிதழை எடுத்து அவருக்கு நான் வாசித்துக் காட்ட வேண்டும். முதலில் பூ விலை, அடுத்து வைகை அணை. 'மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை வரத்து குறைந்தது' என்று வாசிப்பேன். அதே பக்கத்தில் 'அணைக்கு நீர்வரத்து அதிகரிப்பு' என்று இருக்கும். இன்னொரு நாள் 'கண்மாய் வரத்துக்கால் தூர்வாரப்படுமா?' என்று விவசாயிகள் கேட்டிருப்பார்கள். போக்குவரத்து என்று நாம் தினமும் சொல்கிறோமே, அதிலும் இந்த 'வரத்து' உட்கார்ந்திருக்கிறது என்பது ஒரு நாள் திடீரென்று புரிந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு சொல் நான்கு இடத்தில் நான்கு உடையில் வந்ததும் நானே அடையாளம் கண்டுகொண்டேன். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் அந்த நோட்டு நிரம்பியபோதுகூட வரவில்லை.

அணைச் செய்தி ஒன்றே எவ்வளவு சொற்களைத் தந்தது தெரியுமா? வைகை அணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை விடுவார்கள். நீர் இருப்பு, உபரிநீர், கன அடி, மதகு, கரையோர மக்கள் என்று சொற்கள் கூட்டமாகவே வரும். கண்மாய் நிறைந்தால் 'மறுகால் பாய்ந்தது' என்று எழுதுவார்கள். அகராதியைத் திறக்காமலே எனக்கு அது புரிந்தது, ஏனென்றால் அடுத்த வரியிலேயே மக்கள் மலர் தூவி வணங்கினார்கள் என்று இருந்தது. நிறைந்து வழிகிற தண்ணீரைத்தான் அப்படிக் கும்பிடுவார்கள்.

1885-இல் ஹெர்மன் எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் மறதியைப் பற்றிய தன் ஆய்வை வெளியிட்டார். பொருளில்லாத அசைகளைப் பட்டியல் போட்டுத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்து பார்த்தார். முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. நாம் உருப்போடும் சொற்களுக்குப் பொருள் உண்டுதான். ஆனாலும் கதையும் காட்சியும் இல்லாமல் படிக்கும்போது அவை நம் மனதுக்கு ஏறக்குறைய அந்த அசைகளைப் போலத்தான் ஆகிவிடுகின்றன.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வாசித்தால் உடனே சொல் ஒட்டிக்கொள்ளாது. 1980-களில் அமெரிக்காவில் வில்லியம் நாகியும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தார்கள். ஒரு புதுச் சொல்லை ஒரு தடவை வாசிப்பில் சந்தித்தால் அது மனதில் தங்குகிற வாய்ப்பு குறைவு. ஆனால் நிறைய வாசிக்கிறவர்கள் அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சந்திக்கிறார்கள், சிறுகச் சிறுகச் சேர்கிறது. அதனால்தான் பரந்து வாசிக்க வேண்டும் என்கிறேன். கிரிக்கெட் பிடித்தவர் விளையாட்டுப் பக்கம் மட்டும் படித்தால் அந்தச் சொற்களோடு நின்றுவிடுவார். கதை, விவசாயம், சமையல், கோயில் தலவரலாறு, விண்வெளி என்று மாற்றி மாற்றி வாசிக்க வேண்டும்.

'அந்தக் காலத்தில் திண்ணைப் பள்ளியில் நிகண்டை மனப்பாடம் செய்தார்களே' என்று நேற்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. நிகண்டு செய்யுளாக, ஓசையோடு இருந்தது. அதோடு நிறுத்தாமல் அவர்கள் இலக்கியத்துக்குள் போனார்கள், அங்கே அந்தச் சொற்களை மறுபடி சந்தித்தார்கள். நாம் நோட்டை மூடிவிட்டுப் பரீட்சைக்குப் போகிறோம். வேதியியல் பெயர்களை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை.

எப்படி வாசிப்பது? தெரியாத சொல் வந்தவுடன் நிற்காதீர்கள். முன்னும் பின்னும் பார்த்து ஊகித்துவிட்டு மேலே போங்கள். அது மூன்றாம் முறை வந்தும் பிடிபடவில்லை என்றால் பென்சிலால் கோடு போட்டு, அப்புறம் அகராதியைப் பாருங்கள். வரிக்கு வரி தடுக்குகிற புத்தகம் இப்போதைக்கு வேண்டாம், எளிதானதை எடுங்கள். நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு ஊர்க் கிளை நூலகம் இருக்கிறது. அதுவும் பூட்டியிருந்தால் டீக்கடை நாளிதழ் இருக்கிறது.

என் பையில் இப்போது நான்கு புத்தகங்கள் இருக்கின்றன. இரண்டு தமிழ், இரண்டு எளிய ஆங்கிலம். மதிய உணவு இடைவேளையில் வேப்பமரத்தடியில் இருப்பேன். எடுத்துக்கொண்டு போங்கள், இரண்டு வாரம் வைத்துக்கொள்ளலாம். திருப்பித் தரும்போது அதில் சந்தித்த ஒரு சொல்லையும், அது வந்த வரியையும் எனக்குச் சொன்னால் போதும்.

நன்றி, வணக்கம்.