மின்னி வீட்டுக்கு வந்த கதை

பிள்ளை,

அகிலனுக்கு நான் சனிக்கிழமைகளில சொல்லுற வௌவால் கதையை எழுதி அனுப்பச் சொன்னாயல்லோ, இதுதான். முதல் தமிழில நீ வாசி. அவனுக்கு அரைவாசிதான் விளங்கும், அது பரவாயில்லை. லைற்றை அணைக்காமல் அவன்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு வாசி. 'தூ' எண்டுற இடத்திலயும் 'ம்ம்ம்' எண்டுற இடத்திலயும் அவனும் சேந்து சொல்லட்டும். நீ முடிச்சவுடன வட்ஸ்அப்பில எடு, அதே கதையை நான் இங்கிலிசில சொல்லுவன். அந்தப் பகுதியும் கீழ இருக்கு. எங்கட எழுத்தில எழுதினால்தான் எனக்குப் பாத்து வாசிக்கச் சுகம்.

வேற எத்தினையோ கதையிருக்க வௌவாலை எடுத்ததுக்குக் காரணம் இருக்கு. ரொறன்ரோவில இரவு 8 மணியெண்டால் இஞ்ச விடிய 5.30. விகாரமகாதேவி பூங்கா வௌவாலுகள் இரவு முழுக்கத் திரிஞ்சுபோட்டு மரத்துக்கு வாற நேரம் அது. அதுகளும் அகிலனும் ஒரே நேரத்திலதான் படுக்கிறது. இதை அவனுக்குச் சொல்லு, சந்தோசப்படுவான். நவம்பரில உங்கட மணிக்கூடு மாறினால் இஞ்ச 6.30 ஆகிவிடும். அப்ப வௌவால் அவனுக்கு முதலே படுத்திடும்.

இனிக் கதை.

கொழும்பிலே ஒரு பெரிய பூங்கா. பூங்காவுக்கு முன்னாலே வெள்ளை வெளேரென்று நகர மண்டபம். பூங்காவுக்குள்ளே நெட்டை நெட்டையாய் மரங்கள். பகல் முழுக்க அந்த மரங்களிலே கறுப்புக் கறுப்பாய் ஏதோ தொங்கும். காயா? இல்லை. குடையா? இல்லை. வௌவால்! எல்லாம் தலைகீழாய்த் தொங்குகிற வௌவால்!

அதிலே ஆகச் சின்னது மின்னி. பிறந்த நாளிலிருந்து அம்மாவின் நெஞ்சைக் கட்டிப் பிடித்துக்கொண்டே இருந்தது. கொஞ்சம் வளர்ந்தபிறகு, "கிளையை விடாதை, வந்திடுவன்" என்று சொல்லிவிட்டு அம்மா மட்டும் இரவிலே சாப்பாட்டுக்குப் போவாள். இப்போது மின்னிக்குச் செட்டை நன்றாய் வளர்ந்துவிட்டது.

"அம்மா, இண்டைக்கு நானும் வாறன்."

"வா. ஆனால் ஒரு சொல்லுக் கேள். என்னைக் காணேல்லையெண்டால் அழாதை. மூக்கை நீட்டி மணந்து பார்."

பொழுது பட்டது. ஒரு வௌவால் பறந்தது. பிறகு பத்து. பிறகு நூறு. மின்னியும் காலை விட்டது. விழுந்தது... விழுந்தது... செட்டையை விரித்தது... பறந்தது!

அம்மாவும் பிள்ளையும் வெள்ளவத்தைப் பக்கம் போனார்கள். அங்கே ஒரு வீட்டு வளவிலே ஜம்பு மரம். சிவப்புச் சிவப்பாய்க் குலை குலையாய் ஜம்பு. மின்னி ஒன்றைக் கடித்தது, சப்பியது, சாறைக் குடித்தது, சக்கையைத் தூ! என்று துப்பியது. இன்னொன்று. கடித்தது, சப்பியது, குடித்தது, தூ!

அந்த நேரம் பார்த்துக் கடலோரத்தாலே ஒரு ரயில். கூ... கடகட, கடகட, கடகட! மின்னி பயந்து, எங்கே போகிறோம் என்றே பார்க்காமல் ஒரே பறப்பாய்ப் பறந்தது. கொஞ்ச நேரத்தாலே திரும்பிப் பார்த்தது. அம்மா இல்லை.

தூரத்திலே ஒரு பூத் தெரிந்தது. அம்மாடி, எவ்வளவு பெரிய பூ! ஊரிலே உள்ள வீடெல்லாவற்றையும்விட உயரம். ஊதா நிறத்திலே மினுங்கியது, பிறகு பச்சையாய் மாறியது. "இவ்வளவு பெரிய பூவிலே எவ்வளவு தேன் இருக்கும்! அம்மாவும் இஞ்சதான் வந்திருப்பா" என்று மின்னி மேலே, மேலே, மேலே போனது. போய் நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கியது.

தேனும் இல்லை, இனிப்பும் இல்லை. வெறும் கண்ணாடி! அது பூவே இல்லை, தாமரைக் கோபுரம்.

பாவம், மின்னிக்குத் தாகம். கீழே பேரை வாவி. வௌவால் எப்படித் தண்ணி குடிக்கும் தெரியுமோ? பறந்துகொண்டே வயிற்றைத் தண்ணியிலே தோய்க்கும். பிறகு மயிரிலே உள்ள ஈரத்தை நக்கும். மின்னியும் தாழப் பறந்து தோய்த்தது. சளக்!

"ஆரது, இந்தச் சாமத்திலே என்ரை முகத்திலே தண்ணி தெளிக்கிறது?"

ஒரு கூழைக்கடா. சாக்கு மாதிரிச் சொண்டு.

"நான்தான், மின்னி. என்ரை அம்மாவைக் காணேல்லை."

"அழாதை பிள்ளை. காணாட்டி என்ன செய்யச் சொல்லி அம்மா சொன்னவ?"

மின்னி யோசித்தது. மூக்கை நீட்டியது.

ம்ம்ம்... மணக்குது. டக்கு டக்கு, டக்கு டக்கு. கொத்துரொட்டிக் கடை. அம்மா இல்லை.

ம்ம்ம்... மணக்குது. கோயில் வாசலிலே சாம்பிராணி. அம்மா இல்லை.

ம்ம்ம்... மணக்குது. பேக்கரியிலே சுடச்சுடப் பாண். அம்மா இல்லை.

ம்ம்ம்... இது என்ன? கொஞ்சம் ஜம்புச் சாறு. கொஞ்சம் மரப்பட்டை. கொஞ்சம் சூடான மயிர்.

"அம்மா!"

நகர மண்டபத்துக்கு மேலாலே ஒரு சுற்று, பூங்கா வாசலுக்கு மேலாலே ஒரு சுற்று, அந்த மரம், அந்தக் கிளை. அங்கே அம்மா! தேடித் தேடிக் கூப்பிட்டு அவளுக்குத் தொண்டையே கட்டிப்போயிருந்தது. மின்னியை இழுத்து நெஞ்சோடு சேர்த்து, இரண்டு செட்டையாலும் சுற்றி மூடினாள்.

கீழே ரோட்டிலே சூன் பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. கொழும்புப் பிள்ளைகள் எல்லாரும் எழும்பினார்கள். மின்னி படுத்தது.

தமிழ்க் கதை அவ்வளவுதான். இனி நான் சொல்லுறது. தாமரைக் கோபுரத்தை அவன் காணேல்லை, சீ.என். ரவரைத் தெரியும், அதாலே அங்க கொஞ்சம் மாத்தியிருக்கிறன். 'ம்ம்ம், மணக்குது' எண்டதை மாத்தேல்லை. அது தமிழிலயே இருக்கட்டும், அவன் அதை ஏற்கெனவே பாடமாக்கிப்போட்டான்.

வன்ஸ் அப்பொன் எ ரைம், இன் கொழும்பு, வெயர் அம்மம்மா லிவ்ஸ், தெயர் வோஸ் எ பிக் பார்க் வித் வெரி ரோல் ட்ரீஸ். ஓல் டே லோங், சம்திங் ஹங் ஃப்ரொம் தி ட்ரீஸ். ஃப்ரூட்ஸ்? நோ. அம்ப்ரெலாஸ்? நோ. பற்ஸ்! ஸ்லீப்பிங் அப்சைட் டவுன்!

தி ஸ்மோலஸ்ற் பற் வோஸ் மின்னி. வன் நைற் ஹெர் அம்மா செட், "யு கான் கம் வித் மீ ருடே. பற் இஃப் யு கான்ற் சீ மீ, டோன்ற் க்ரை. யூஸ் யுவர் நோஸ்."

தே ஃப்ளூ ரு எ ஜம்பு ட்ரீ. மின்னி பிற், மின்னி ச்சூட், மின்னி ட்ராங் தி ஜூஸ், அன்ட் தூ! ஷி ஸ்பற் இற் அவுற். (இந்த இடத்திலே அவன் துப்பி முடியுமட்டும் நில்.)

தென் கேம் தி ட்ரெயின். கூ! மின்னி கொற் எ ஃப்றைற் அன்ட் ஃப்ளூ அவே. நோ அம்மா. ஷி சோ எ ஜயன்ற் ஃப்ளவர், ஓல் லைற்ஸ், பர்ப்பிள் அன்ட் க்றீன். ஷி ஃப்ளூ அப், அப், அப், அன்ட் லிக்ட் இற். இற் வோஸ் க்ளாஸ்! அகிலன், யு ஹாவ் தி சீ.என். ரவர். வீ ஹாவ் எ ரவர் லைக் எ லோற்றஸ்.

மின்னி வோஸ் தேர்ஸ்ரி. ஷி டிப்ட் ஹெர் ரம்மி இன் தி லேக். ஸ்ப்ளாஷ்! "ஹூ வோக் மீ அப்?" செட் எ பிக் பெலிக்கன். "ஐ லொஸ்ற் மை அம்மா," செட் மின்னி. "வெல், வொற் டிட் அம்மா ரெல் யு?"

மின்னி புற் அப் ஹெர் நோஸ். ம்ம்ம், மணக்குது! கொத்துரொட்டி. நொற் அம்மா. ம்ம்ம், மணக்குது! தி ரெம்பிள். நொற் அம்மா. ம்ம்ம், மணக்குது! ஹொற் ப்ரெட். நொற் அம்மா. ம்ம்ம்... அம்மா!

அம்மா றப்ட் ஹெர் விங்ஸ் றவுன்ட் மின்னி. தி ப்ரெட் மான் கேம் டவுன் தி றோட் வித் ஹிஸ் மியூசிக். ஓல் தி சில்ரன் இன் கொழும்பு வோக் அப், அன்ட் மின்னி வென்ற் ரு ஸ்லீப். நவ் அகிலன் அன்ட் மின்னி, குட் நைற். அம்மம்மா, குட் மோர்னிங்!

அவன் கட்டாயம் கேள்வி கேப்பான், உனக்கு மறுமொழி தெரிஞ்சிருக்கட்டும். நித்திரையில வௌவால் ஏன் விழுறேல்லை எண்டு கேட்டால், அதின்ரை பாரத்தாலேயே கால்விரல் நரம்பு இழுபட்டுக் கிளையைப் பூட்டிப்போடும், பிடிச்சுக்கொண்டிருக்கத் தேவையில்லை எண்டு சொல்லு. வௌவாலுக்குக் கண் தெரியாது எண்டு பள்ளிக்கூடத்தில ஆரும் சொல்லியிருந்தால், இந்தப் பழந்தின்னி வௌவாலுக்கு இரவில வடிவாத் தெரியும் எண்டு சொல்லு. ரத்தம் குடிக்குமோ எண்டு கேட்டால் இல்லை, பழமும் பூந்தேனும்தான். துப்புற சக்கையிலயும் எச்சத்திலயும் விதையிருக்கும், கொழும்பில எத்தினையோ மரம் அப்படி முளைச்சது.

ஒரே இரவில ரெண்டு தரம் கேக்கிறான் எண்டு இங்கிலிசு மட்டும் போதும் எண்டு விட்டுடாதை. களைப்பெண்டால் தமிழில கூழைக்கடா வரைக்கும் வாசி, மிச்சத்தை அடுத்த நாள் வாசிக்கலாம். கூழைக்கடாவுக்கு ஏன் சொண்டு அவ்வளவு பெரிசு எண்டு போன கிழமை கேட்டவன். அதுக்கு ஒரு கதை யோசிச்சு வைச்சிருக்கிறன், வாற சனிக்கிழமைக்கு.

அம்மா
வெள்ளவத்தை