தட்டம்மை ஊசி உடம்புக்குள் என்ன செய்கிறது?

[காட்சி: பென்னாகரம் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையம். புதன்கிழமை காலை. அம்மா மடியில் ஒன்பது மாதம் முடிந்த குழந்தை.]

குரல்: வலது மேற்கையில், தோலுக்கு அடியில், அரை மில்லி மருந்து. இதில் இருப்பவை வீரியம் குறைக்கப்பட்ட தட்டம்மை, ரூபெல்லா வைரஸ்கள்.

[தோலுக்குள். கிளை கிளையாகக் கை நீட்டும் ஒரு செல்.]

குரல்: இந்தக் காவல் செல் வைரஸை விழுங்குகிறது. அதன் துண்டுகளைத் தன்மேல் ஏந்திக்கொண்டு அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுக்குப் போகிறது. அங்கே கூட்டம் கூட்டமாக டி செல்கள், பி செல்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வடிவம்தான் அடையாளம் தெரியும். துண்டு எதற்குப் பொருந்துகிறதோ, அது மட்டும் இரண்டு, நான்கு, எட்டு எனப் பெருகும். பி செல்கள், வைரஸைப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தைச் சுரக்கும். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். ஊசி போட்ட மறுநாளே பாதுகாப்பு வந்துவிடாது.

ஒரு வாரம், பத்து நாள் கழித்துச் சில குழந்தைகளுக்கு லேசான காய்ச்சலும் தடிப்பும் வரலாம். பயப்படாதீங்க அம்மா, உள்ளே பயிற்சி நடக்கிறது.

[பெரும்பாலான செல்கள் மறைகின்றன. சில மட்டும் தங்குகின்றன.]

குரல்: இவை நினைவு செல்கள். நிஜத் தட்டம்மை வந்தால் உடனே பாயும்.

சில குழந்தைகளிடம் முதல் ஊசி வேலை செய்யாது. தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி இன்னும் மிச்சமிருந்தால், அது தடுப்பூசி வைரஸையே அழித்துவிடும். அதனால்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது ஊசி.

[குளிர்பெட்டி. செவிலியர் குப்பியில் நேரம் எழுதுகிறார்.]

குரல்: இந்த மருந்து பொடியாக வரும்; திரவத்தில் கலந்த பிறகு நான்கு மணி நேரம்தான் ஆயுள். மிச்சமிருந்தாலும் கொட்டிவிட வேண்டும்.