புல்லி பக்க சர்க்கிளிப் இடைவெளி: டாலரன்ஸ் ஸ்டாக்-அப் குறிப்பு

பெறுநர்: அசெம்பிளி மேற்பார்வையாளர், லேத் பிரிவு
அனுப்புநர்: வடிவமைப்புப் பிரிவு
பொருள்: கன்வேயர் டிரைவ் ஷாஃப்ட், 20 மி.மீ. முனை

கேள்வி இதுதான்: ஷாஃப்டின் ஷோல்டரில் தொடங்கி பேரிங், ஸ்பேசர், பேரிங், புல்லி ஹப் என அடுக்கிய பிறகு சர்க்கிளிப் குரூவுக்குள் இறங்குமா? மாடலில் 0.20 மி.மீ. இடைவெளி தெரிகிறது. அதைப் பார்த்து வரைபடத்தை வெளியிட்டுவிடலாம் என்று தோன்றும். வெளியிட வேண்டாம்.

ஷோல்டரிலிருந்து குரூவின் வெளிச்சுவர் வரை உள்ள நீளத்தைக் கூட்டலாகவும், அதற்குள் அடங்க வேண்டியவற்றைக் கழித்தலாகவும் எடுத்தேன். அளவுகள் மி.மீ.

| பாகம் | மாடல் அளவு | டாலரன்ஸ் | திசை |
|---|---|---|---|
| ஷோல்டர் முதல் குரூவின் உட்சுவர் வரை | 68.10 | ±0.10 | + |
| குரூவ் அகலம் | 1.30 | +0.14 / 0 | + |
| பேரிங் 6204 | 14.00 | 0 / −0.12 | − |
| ஸ்பேசர் | 18.00 | ±0.10 | − |
| பேரிங் 6204 | 14.00 | 0 / −0.12 | − |
| புல்லி ஹப் | 22.00 | ±0.10 | − |
| சர்க்கிளிப் | 1.20 | 0 / −0.06 | − |

மோசமான சேர்க்கை:

```
குறைந்தது: (68.00 + 1.30) − (14.00 + 18.10 + 14.00 + 22.10 + 1.20) = −0.10
அதிகம்:   (68.20 + 1.44) − (13.88 + 17.90 + 13.88 + 21.90 + 1.14) = +0.94
```

இடைவெளி மூடிக்கொள்ளக்கூடும். எல்லாப் பாகங்களும் வரைபடத்துக்கு உட்பட்டே இருந்தும் சர்க்கிளிப் குரூவில் இறங்காமல் போகலாம்.

மாடல் காட்டும் 0.20 நடு அளவும் அல்ல. பேரிங் அகலமும் சர்க்கிளிப் தடிமனும் கீழ்நோக்கி மட்டுமே மாறும். குரூவ் அகலம் மேல்நோக்கி மட்டுமே மாறும். மாடலில் வரைந்திருப்பது அந்த மூன்றின் எல்லை அளவுகள். நடு அளவுகளை வைத்தால் இடைவெளி 0.42, விலகல் ±0.52.

அந்த விலகல்களை நேராகக் கூட்டாமல், வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் ±0.21 வருகிறது. அதாவது 0.21 முதல் 0.63 வரை. இந்த எண்ணைக் காட்டி யாராவது "மூடாது" என்று சொன்னால் நம்ப வேண்டாம். ஒவ்வொரு அளவும் நடுவைச் சுற்றியே விழும் என்ற அனுமானத்தில் நிற்கும் எண் இது. நம் கடையில் அப்படி விழுவதில்லை. நீளம் அதிகமாக இருந்தால் மறுபடி சீவலாம், குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் லேத்தில் நிற்பவர் மேல் எல்லைப் பக்கம் நிறுத்துவது இயல்பு.

கையிருப்பை அளந்ததில் அது தெரிந்தது. பேரிங்குகள் 13.97 முதல் 14.00 வரை, ஸ்பேசர் சராசரி 18.06, விலகல் ±0.04, ஹப் சராசரி 22.05, விலகல் ±0.05. இவற்றைப் போட்டால் சராசரி இடைவெளி 0.22, விலகல் ±0.14, கீழ் எல்லை 0.08. நமக்கு வேண்டியது குறைந்தது 0.05. தப்பியது போலத் தெரிந்தாலும் ஷாஃப்டை இன்னும் அளக்கவில்லை. அதன் சராசரி 68.05 ஆகிவிட்டால் 0.03தான் மிஞ்சும்.

மற்ற சந்தேகங்களையும் பார்த்தேன். ஷோல்டர் மூலையின் ஆரம் 0.8, பேரிங்கின் மூலை 1.0, ஆகவே பேரிங் ஷோல்டரில் முழுதாக உட்காரும். ஹப் அலுமினியம் என்பதால் 50 டிகிரி சூட்டில் ஷாஃப்டைவிட 0.01 அளவுக்குக் கூடுதலாக நீளும், பொருட்படுத்த வேண்டியதில்லை. ஸ்பேசர் ஓரத்துப் பிசிறு அதைவிட அதிகம் தின்னும்.

மாற்றம் ஒன்றே: 68.10 ±0.10 என்பதை 68.25 ±0.05 ஆக்குகிறோம். ஷோல்டரும் குரூவும் ஒரே பிடியில் சீவப்படுவதால் இந்த டாலரன்ஸ் கடினமில்லை. குறைந்த இடைவெளி +0.10 ஆகிறது. ஸ்பேசரையும் ஹப்பையும் இறுக்கிச் செலவைக் கூட்ட வேண்டாம்.

அதிக இடைவெளி 1.04 ஆகும். அப்படியே விட்டால் புல்லி முன்னும் பின்னும் ஆடும். ஆகவே ஹப்புக்கும் சர்க்கிளிப்புக்கும் இடையே டின் 988 ஷிம் போட்டு, 0.05 முதல் 0.15 வரை மிஞ்சும்படி அமைக்க வேண்டும். 0.1, 0.2, 0.3, 0.5 தடிமன்கள் போதும். பாகங்களை ஷோல்டரை நோக்கித் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஃபீலர் கேஜால் அளக்கவும், 0.15 வரை இருந்தால் ஷிம் தேவையில்லை.

ஏற்கெனவே சீவிய ஷாஃப்டுகளைக் கழிக்க வேண்டாம். சர்க்கிளிப் இறங்காவிட்டால் ஸ்பேசரின் ஒரு முகத்தை சர்ஃபேஸ் கிரைண்டரில் 0.2 குறைக்கவும். சர்க்கிளிப்பைத் தேய்ப்பதோ சுத்தியலால் தட்டி இறக்குவதோ கூடாது. முதல் 20 அசெம்பிளிகளில் ஷிம்முக்கு முந்தைய இடைவெளியை அட்டையில் எழுதி எனக்கு அனுப்பவும். ஏதேனும் ஒன்று 0.10க்குக் கீழே வந்தால் அந்த ஷாஃப்டை அனுப்பாமல் நிறுத்தி வைக்கவும்.