முன்பதிவு நினைவூட்டல்: ஞானப்பல் அறுவை சிகிச்சை, மே 15, வெள்ளிக்கிழமை காலை 10.30 மணி

வணக்கம் திருமதி மல்லிகா,

உங்கள் வலதுபக்கக் கீழ் ஞானப்பல்லை எடுக்கும் சிகிச்சை 2026 மே 15, வெள்ளிக்கிழமை காலை 10.30 மணிக்கு, தேக்காவில் உள்ள எங்கள் பல் மருந்தகத்தில். காலை 10.15க்கு முகப்பில் இருங்கள். கையெழுத்து, ரத்த அழுத்தம், சர்க்கரை அளவு எல்லாம் பார்க்க அந்தக் கால் மணி நேரம் வேண்டும். சிகிச்சைக்கும் அதன் பிறகான கவனிப்புக்கும் சேர்த்து 75 நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம்.

வருவதாக இருந்தால் இந்தச் செய்திக்கு "1" என்றும், நாள் மாற்ற வேண்டுமானால் "2" என்றும் பதில் அனுப்புங்கள். நீல டிக் விழுந்தால் போதும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அது உறுதி செய்ததாகாது.

நாள் மாற்றுவது, ரத்து செய்வது

பதிவு செய்தபோது நீங்கள் கட்டிய 100 வெள்ளி முன்பணம் சிகிச்சைக் கட்டணத்தில் கழிந்துவிடும். மே 13, புதன் காலை 10.30க்குள் சொன்னால் முழுத் தொகையும் புதிய தேதிக்கு மாறும். வேண்டாம் என்றால் திருப்பித் தந்துவிடுவோம். அதற்குப் பிறகு, வியாழன் காலை 10.30க்குள் சொன்னால் 50 வெள்ளி பிடிப்போம். அதன் பின் சொன்னாலோ, சொல்லாமலே வராவிட்டாலோ 100 வெள்ளியும் திரும்பாது.

48 மணி நேரம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. காத்திருப்போர் பட்டியலில் வலியோடு இருப்பவர்கள் உண்டு. ஆனால் அவர்களும் வேலையிடத்தில் விடுப்பு கேட்க வேண்டும், துணைக்கு ஆள் பார்க்க வேண்டும். காலையில் கூப்பிட்டு மத்தியானம் அறுவை சிகிச்சைக்கு வரச் சொல்ல முடியாது.

காய்ச்சல், மருத்துவமனையில் சேர்க்கை, வீட்டில் துக்கம் என்றால் இந்தக் கணக்கு எதுவும் பார்ப்பதில்லை. எம்சியின் படத்தையோ ஒரு வரிச் செய்தியையோ அனுப்பினால் போதும்.

இரண்டு விஷயங்களில் மட்டும் நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். முதலாவது, வலி நின்றுவிட்டது என்று ரத்து செய்வது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் வீக்கம் வற்றும், வலியும் போகும். ஆனால் பாதி முளைத்த பல்லின் மேல் மூடியிருக்கும் ஈறு அப்படியேதான் இருக்கும். அதன் அடியில் மறுபடி உணவு சேரும், மறுபடி வீங்கும். இரண்டாவது, அதற்கு நேர்மாறானது: சிகிச்சைக்கு முந்தின நாள் கன்னம் வீங்கினாலோ, இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்க முடியாவிட்டாலோ உடனே எங்களை அழையுங்கள். சீழ் பிடித்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாது. முதலில் அதற்கு மருந்து கொடுத்துவிட்டு, கட்டணம் ஏதும் இல்லாமல் தேதியைத் தள்ளிவைப்போம்.

வருவதற்கு முன்

உங்களுக்கு வாயின் அந்தப் பக்கம் மட்டுமே மரத்துப்போகும். மயக்கம் கொடுக்கப் போவதில்லை. ஆகவே வெறும் வயிற்றோடு வரக்கூடாது. படிவத்தில் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காலை 8.30 மணி வாக்கில் வழக்கமான பசியாறலை முடித்து, மாத்திரையையும் வழக்கம்போலப் போட்டுக்கொள்ளுங்கள். அன்று வெள்ளிக்கிழமை. விரதம் இருப்பவராக இருந்தால் இந்த ஒரு வாரம் விட்டுவிடுங்கள், அல்லது வேறு கிழமை கேளுங்கள். சாப்பிடாமல் வந்து, பயமும் சேர்ந்துகொண்டால், நாற்காலியிலேயே தலைசுற்றலாம். முகப்பில் பார்க்கும்போது அளவு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் குளுக்கோஸ் கொடுத்து, ஏறிய பிறகுதான் தொடங்குவோம். வீட்டில் பார்த்து 15க்கு மேல் இருந்தால் கிளம்பும் முன் அழையுங்கள்.

ஆஸ்பிரின் 100 மில்லிகிராம் மாத்திரையை நிறுத்த வேண்டாம். "பல் எடுத்தால் ரத்தம் நிற்காது" என்று யாராவது சொல்லித் தாங்களாகவே நான்கைந்து நாள் நிறுத்திவிட்டு வருகிறார்கள். பல் குழியில் வரும் ரத்தத்தை அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்திவிடலாம். இதயத்திலோ மூளையிலோ ரத்தம் உறைந்தால் அது எங்கள் கையில் இல்லை. நீங்கள் படிவம் கொடுத்த பிறகு வேறு ரத்தம் இளக்கும் மருந்து சேர்ந்திருந்தாலோ, எலும்புத் தேய்வுக்கு வாராந்திர மாத்திரையோ ஆறு மாத ஊசியோ தொடங்கியிருந்தாலோ இப்போதே சொல்லுங்கள். எலும்புத் தேய்வு மருந்துகள் சிலருக்குத் தாடை எலும்பு ஆறுவதைத் தடுக்கும். மருத்துவர் அதைக் கண்டிப்பாக முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

கிளம்பும் முன் பல் துலக்கிவிடுங்கள், வலிக்கும் இடத்தையும் சேர்த்து. வெற்றிலை பாக்கு போடும் பழக்கம் இருந்தால் முந்தின நாளோடு நிறுத்துங்கள். விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி மாட்டுவோம் என்பதால் ஒரு விரலையாவது நகப்பூச்சு இல்லாமல் விட்டுவையுங்கள்.

அடையாள அட்டையும், சாப்பிடும் மருந்துகளின் அட்டையோ படமோ கையில் இருக்கட்டும். மெடிசேவில் கட்டுவதாகச் சொல்லியிருந்தீர்கள். அறுவை சிகிச்சை என்பதால் முடியும். மகனின் மெடிசேவைப் பயன்படுத்துவதானால் அவர் கையெழுத்திட வேண்டும். அவரால் வர முடியாவிட்டால் வியாழனுக்குள் படிவத்தை வாங்கிச் செல்லுங்கள். மே 15 அன்று காலை அவரை வேலையிலிருந்து கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவதிலேயே உங்கள் நேரம் போய்விடும்.

தாமதமாக வந்தால்

10.40 வரை வந்தால் எதுவும் மாறாது. 10.40க்கும் 10.50க்கும் இடையில் வந்தால், எக்ஸ்ரேயை மறுபடி பார்த்து அன்றே செய்யலாமா என்று மருத்துவர் முடிவு செய்வார். 10.50 தாண்டிவிட்டால் பல்லை எடுக்க மாட்டோம்.

கெடுபிடிக்காக இப்படி வைக்கவில்லை. கீழ்த்தாடைக்குப் போடும் ஊசி நன்றாக மரக்கப் பத்து நிமிடம்வரை ஆகும்; சிலருக்கு இரண்டாவது ஊசியும் தேவைப்படும். உங்கள் பல் சாய்ந்திருப்பதால் துண்டாக்கித்தான் எடுக்க வேண்டும். அதன் வேருக்கு அருகே உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது. அவசரப்பட்டால் அங்கே காயம் பட்டு, உதடு வாரக்கணக்கில், சில நேரம் அதற்கும் மேல், மரத்தே இருக்கலாம். கடைசியில் மருத்துவப் பஞ்சை 30 நிமிடம் கடித்தபடி உட்கார்ந்து, ரத்தம் நின்றதா என்று பார்த்த பிறகே அனுப்புவோம்.

10.50க்கு மேல் வந்தாலும் திரும்பிப் போக வேண்டாம். மீதி நேரத்தில் மருத்துவர் பார்ப்பார், தேவையானால் வலிக்கு மருந்து தருவார், புதிய தேதியும் கிடைக்கும். முன்பணத்தில் 50 வெள்ளி மட்டும் பிடிப்போம். வழியில் மாட்டிக்கொண்டால் 10.30க்கு முன்பே ஒரு வரி எழுதுங்கள். அடுத்தவர் சீக்கிரம் வந்திருந்தால், அவருக்குச் சம்மதம் என்றால், இடம் மாற்றிப் பார்க்கிறோம்; அப்போது பிடித்தம் இல்லை. காரில் வருகிறவர்கள் தேக்கா நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில் வரிசை இருக்கும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். லிட்டில் இந்தியா எம்ஆர்டியிலிருந்து நடப்பது நிச்சயமானது.

எங்கள் பக்கம் 15 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் நாங்களே செய்தி அனுப்புவோம். காத்திருக்கவா, தேதி மாற்றவா என்பது உங்கள் விருப்பம், பிடித்தம் கிடையாது. ரத்த அழுத்தம் 180/110க்கு மேல் இருந்து நாங்கள் தள்ளிவைத்தாலும் அப்படியே.

மரமரப்பு அடங்க இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும். அதுவரை சூடாக எதுவும் வேண்டாம், கன்னத்தையும் நாக்கையும் தெரியாமலே கடித்துக்கொள்வீர்கள். வீட்டில் ஆறிய கஞ்சியோ காரமில்லாத தயிர் சாதமோ தயாராக இருக்கட்டும். கூட ஒருவர் வந்தால் நல்லது. வேலையிடத்துக்கு எம்சி தேவையானால் முகப்பில் கேளுங்கள். தையல் பிரிக்க மே 22, வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறோம். அதற்குத் தனி முன்பணம் இல்லை.

முன்பதிவுப் பிரிவு
திங்கள் முதல் சனி வரை, காலை 9 முதல் மாலை 6 வரை இதே எண்ணில் பதில் கிடைக்கும்