ஃபாதருக்கு எங்கள் பிரியாவிடை மடல்

தூய அந்தோனியார் ஆலயம், கோட்டாறு மறைமாவட்டம்
25 மே 2025

அன்புக்குரிய ஃபாதர்,

75 வயதானால் பங்குப் பொறுப்பை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது திருச்சபை முறை. தெரிந்தும் ஆயர் இல்லத்துக்குப் போய் நின்றோம். "இரண்டு தடவை நீட்டித்தாகிவிட்டது, இனி அவரை ஓய்வெடுக்க விடுங்கள்" என்றார் ஆயர். சரி என்று திரும்பினோம்.

46 வருடக் குருத்துவ வாழ்வில் இரண்டு முறை எங்களுக்குக் கிடைத்தீர்கள். 1988இல் வந்தபோது கட்டுமரம் தள்ளக் கை கொடுத்தீர்கள். அன்று உங்களிடம் புதுநன்மை வாங்கிய பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு இந்த முறை திருமணம் செய்து வைத்தீர்கள்.

ஒக்கி நாட்களை எழுதாமல் இந்த மடல் முடியாது. 2017 நவம்பர் 30 காலையில் கூரை ஓடுகள் பறந்துகொண்டிருந்தபோதே கோயில் மணி அடித்து எல்லோரையும் கூப்பிட்டீர்கள். மறைக்கல்விப் பிள்ளைகளின் நோட்டு ஒன்றில் படகின் எண், ஏறியவர்கள் பெயர், புறப்பட்ட நாள், கடைசியாக வயர்லெஸ்ஸில் பேசியது யார் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினீர்கள். எண்ணிக்கை கேட்டு வந்த அதிகாரியிடம், "எண்ணிக்கை இல்லை சார், பெயர் இருக்கிறது" என்று அதை நீட்டினீர்கள். டிசம்பர் 7 அன்று தூத்தூர் பக்கத்து மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது எங்களையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தீர்கள். சர்க்கரை மாத்திரையை அறையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தீர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நம் ஊரில் திரும்பாத மூன்று பேரின் வீடுகளுக்கு மாதம் தவறாமல் போனீர்கள். ஜெபம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடாமல், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் ஃபீஸ் எல்லாவற்றையும் கேட்டுத்தான் எழுந்தீர்கள்.

எல்லோருக்கும் பிடித்தவராக நீங்கள் இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதுக் கோபுரத்துக்கென்று சேர்ந்த மீன் குத்தகைப் பணத்தை மாலை நேர வகுப்புக்குத் திருப்பினீர்கள். பேரவையில் பெரிய சண்டை. சிலருக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை, அவர்களும் இதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மறையுரைதான் கொஞ்சம் நீளம். காலைக் கரைக்கு மீன் வந்துவிடும் என்று தெரிந்தும் நிறுத்த மாட்டீர்கள்.

கண் புரை ஆபரேஷனை இனியும் தள்ளிப் போடாதீர்கள். எங்கள் இளைஞர் இயக்கப் பிள்ளைகள் ஆசாரிப்பள்ளம் மருத்துவமனைக்கு வண்டியோடு வருவார்கள், மறுக்கக் கூடாது. ஜூன் மாதக் கொடியேற்றத்துக்கு நீங்கள் கட்டாயம் வர வேண்டும் என்று புதுப் பங்குத்தந்தையிடமும் சொல்லிவிட்டோம். அப்புறம், குருக்கள் ஓய்வு இல்லத்துச் சமையல்கார அக்காவிடம் பேசியாயிற்று. நெத்திலி கிடைக்கும் நாளெல்லாம் ஒரு பங்கு அங்கே வந்து சேரும். உப்பு குறைவாகப் போடச் சொல்லியிருக்கிறோம்.

இப்படிக்கு,
பங்குப் பேரவை, அன்பியங்கள் மற்றும் பங்கு மக்கள் அனைவரும்