14ஆம் தேதி கூட்டம்: முன்பு அனுப்பிய அழைப்புக்குப் பதிலாக இதைப் படியுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். திங்கட்கிழமை நான் குரூப்பில் போட்ட அழைப்பில் "பொதுவான விஷயங்கள் பேசப்படும், அனைவரும் வருக" என்று மட்டும்தான் இருந்தது. எதற்கு வரவேண்டும், எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்று நாலைந்து பேர் தனியாகக் கேட்டார்கள். கேட்டது சரிதான். ஜூன் மாதக் கூட்டம் 10 மணிக்கு ஆரம்பித்து ஒன்றேகால் வரை போனது, பார்க்கிங், லிஃப்ட், கேமரா, நாய் என்று ஏழு விஷயம் பேசினோம், தண்ணீர்ப் பேச்சு வந்தபோது பாதி நாற்காலி காலி, ஒரு முடிவும் எழுதவில்லை. அதனால் அந்த அழைப்பை எடுத்துவிட்டேன். இதுதான் சரியான அழைப்பு.

செப்டம்பர் 14, 2025, ஞாயிறு. காலை 10.00 முதல் 11.00 வரை. இடம் கீழே, ஏ பிளாக் பக்கம் உள்ள பார்க்கிங்.

எடுக்க வேண்டிய முடிவு இரண்டுதான். மழைநீர் சேகரிப்புக்கு வந்திருக்கும் இரண்டு கொட்டேஷனில் எதை ஏற்பது, அந்தப் பணத்தை ஒரே தவணையில் வாங்குவதா இரண்டாகவா. ₹50,000க்கு மேல் செலவு என்றால் கமிட்டி மட்டும் முடிவெடுக்க நம் சங்க விதி இடம் தரவில்லை, அதனால்தான் உங்களை எல்லாம் கூப்பிடுகிறோம்.

ஏன் இப்போதே என்றால், வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் நடுவில் பிடித்துவிடும். கிணறு தோண்டுகிறவர் 20ஆம் தேதிக்குள் முன்பணம் கொடுத்தால்தான் மழைக்கு முன் முடித்துத் தர முடியும் என்கிறார். ஒரு வாரம் தள்ளினால் இந்த வருட மழையும் தெருவோடு போகும்.

போன சனிக்கிழமை வாட்ச்மேன் அண்ணனும் நானும் பின்பக்கம் இருக்கும் மழைநீர்க் குழியின் மூடியை நகர்த்திப் பார்த்தோம். மேலே வேப்பிலைச் சருகு, பாட்டில் மூடி, ஒரு குழந்தைச் செருப்பு, அதற்குக் கீழே ஜல்லியே தெரியாதபடி நான்கு விரல் கனத்துக்குச் சேறு. ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினேன், வடிய 25 நிமிஷம் ஆனது. மாடியிலிருந்து குழாயில் வரும் மழை இந்த வேகத்தில் எப்படி உள்ளே இறங்கும்? தமிழ்நாட்டில் 2003லேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், நம் கட்டடத்திலும் அமைப்பு இருக்கிறது, ஆனால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் பெயருக்கு இருக்கிறது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நம் மொட்டைமாடி ஏறக்குறைய 1,300 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர், ஆக ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் பெய்தால் மாடியில் விழுவது 65,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் ஐந்து லாரிக்கு மேல். அதில் கொஞ்சம் வழியில் வீணாகும், முழுவதும் போர்வெல்லுக்கு வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த மே மாதம் மட்டும் 38 லாரி வாங்கினோம், லாரிக்கு ₹1,800 வீதம் ₹68,400. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றிக் கிடந்தபோது நம் சம்ப் எப்படி இருந்தது என்று அப்போது இங்கே குடியிருந்தவர்களுக்கு நினைவிருக்கும்.

வருவதற்கு முன் செய்ய வேண்டியது: குரூப்பில் இரண்டு PDF போட்டிருக்கிறேன், ஒவ்வொன்றும் இரண்டே பக்கம், லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டிலும் ஒட்டியாயிற்று. முதலாவது, இருக்கும் குழியைச் சுத்தம் செய்து ஜல்லி, மணல் மாற்றி, மாடிக் குழாய்களுக்கு வலை போடுவது. மொத்தம் ₹63,000, 42 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு ₹1,500. இரண்டாவது, அதே வேலையோடு முன்பக்கம் 3 அடி அகலம், 15 அடி ஆழத்தில் ஒரு உறைக்கிணறு. மொத்தம் ₹2,10,000, வீட்டுக்கு ₹5,000. தயவுசெய்து படித்துவிட்டு வாருங்கள், கூட்டத்தில் யாரும் வரிவரியாக வாசித்துக் காட்டமாட்டோம். சந்தேகம் இருந்தால் வெள்ளி இரவு 8 மணிக்குள் பொருளாளருக்கு அனுப்புங்கள், எல்லாப் பதிலையும் சேர்த்து சனி மதியம் குரூப்பில் போடுவார். மேஸ்திரியிடம் கேட்க வேண்டியதை முன்கூட்டியே கேட்டு வைக்க அதுதான் ஒரே வழி, ஏனென்றால் அவர் ஞாயிறு வரமாட்டார்.

அன்றைய நேரம் இப்படி:

10.00 வருகைக் கையெழுத்து. 14 வீடு சேர்ந்தால் உடனே ஆரம்பம். சேரவில்லை என்றால் விதிப்படி 10.30க்கு, வந்தவர்களை வைத்து நடக்கும், 11.30க்கு முடியும்.

10.05 கோடைத் தண்ணீர்ச் செலவு, பொருளாளர், 10 நிமிஷம்.

10.15 இரண்டு கொட்டேஷனுக்கும் உள்ள வித்தியாசம், பராமரிப்பை வருடாவருடம் யார் பார்ப்பது, 15 நிமிஷம். நான் பேசுகிறேன்.

10.30 உங்கள் கருத்து, 20 நிமிஷம். ஒருவருக்கு 2 நிமிஷம், ஒரு வீட்டுக்கு ஒருவர். எல்லோரும் ஒருமுறை பேசி நேரம் மிச்சம் இருந்தால்தான் இரண்டாவது முறை.

10.50 இரண்டு முடிவுக்கும் கைதூக்கி ஓட்டு.

10.57 முடிவையும், யார் எந்தத் தேதிக்குள் என்ன செய்வார் என்பதையும் உரக்க வாசித்து மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்து.

நேரம் பார்க்க முதல் மாடி டீச்சரம்மா ஒத்துக்கொண்டிருக்கிறார். அவர் மணி அடித்தால் தலைவராக இருந்தாலும் நிறுத்த வேண்டும், தலைவரிடமும் சொல்லிவிட்டேன்.

பார்க்கிங் கோடு, கேமரா, தீபாவளி வசூல் மூன்றும் இந்தக் கூட்டத்தில் கிடையாது. அவை முக்கியமில்லை என்று நினைக்க வேண்டாம், பார்க்கிங் பிரச்சினையில் சிலர் எவ்வளவு சிரமப்படுகிறீர்கள் என்று தெரியும். வாட்ச்மேன் அறையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், வீட்டு எண்ணோடு எழுதுங்கள், 28ஆம் தேதி கமிட்டியில் அதை முதலில் எடுக்கிறோம்.

ஊரில் இல்லாத உரிமையாளர்கள், யாருக்கு உங்கள் ஓட்டைக் கொடுக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதி சனி இரவு 8க்குள் எனக்கு அனுப்பினால் போதும். வாடகைக்கு இருப்பவர்களும் அவசியம் வாருங்கள், ஓட்டு உரிமையாளருக்குத்தான் என்றாலும் காலை 6 மணிக்குக் குழாயில் காற்று வருவது உங்களுக்குத்தான் தெரியும், அந்தப் பேச்சு எங்களுக்கு வேண்டும்.

வியாழன் இரவுக்குள் வீட்டு எண்ணைப் போட்டு "வருகிறேன்" அல்லது "கடிதம் தருகிறேன்" என்று பதில் போடுங்கள், நாற்காலி எண்ணிச் சொல்ல வேண்டும். 9.30க்கு வந்தால் பின்பக்கக் குழியைத் திறந்து காட்டுகிறேன், பார்த்துவிட்டு உட்காரலாம்.

செயலாளர், பி பிளாக் 2ஆம் மாடி