தடைக்காலத்து எட்டு வாரம்: குத்துச்சண்டை 60 கிலோ பிரிவுக்கான பயிற்சித் திட்டம்

தம்பி,

ஏப்ரல் 15ஆம் தேதி படகு கரையேறுகிறது. ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது. போட்டி ஜூன் இரண்டாவது வாரம். ராத்திரி முழுக்க வலை இழுத்துவிட்டு மறுநாள் மாலை கிளவுஸ் மாட்டுகிற கொடுமை இல்லாமல் வருஷத்தில் இந்த எட்டு வாரம்தான் நமக்குக் கிடைக்கும். இதை நோட்டில் ஒட்டி வைத்துக்கொள். படிக்காமல் வந்து "இன்னைக்கு என்ன மாஸ்டர்?" என்று கேட்காதே.

முதலில் நீ இப்போது எங்கே நிற்கிறாய் என்று பார்ப்போம். எடை 63.4 கிலோ. புல்லப்ஸ் ஒரே மூச்சில் 14. ஸ்குவாட் 80 கிலோவில் ஐந்து முறை, டெட்லிஃப்ட் 110 கிலோவில் மூன்று முறை. முதுகும் பிடியும் உனக்குக் கடல் கொடுத்தவை, அதில் குறையே இல்லை. குறை காலில் இருக்கிறது. போன மாதம் ஸ்பாரிங்கில் மூன்றாம் ரவுண்டு ஆரம்பித்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, உன் குதிகால் இரண்டும் தரையில் ஒட்டிவிட்டன. குதிகால் ஒட்டியதும் இடது கை கன்னத்திலிருந்து நெஞ்சுக்கு இறங்கியது. அடுத்து என்ன ஆனது என்று உனக்கே தெரியும். நீ கை சோர்ந்துபோனது என்று நினைத்தாய். சோர்ந்தது கால்.

அதனால் இந்தத் திட்டத்தில் ரவுண்டுதான் தலைமகன். கயிறும் ஓட்டமும் வெயிட்டும் அதற்கு வேலை செய்ய வந்தவை. என்றைக்காவது இவற்றில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் வெயிட்டை விடு, அப்புறம் ஓட்டத்தை விடு. ரவுண்டை விடாதே.

வாரம் எப்படிப் போகும்

கடலுக்கு ஒரு நாள் போய் ஒரு நாள் கரையில் இருக்கிற கணக்குதான். கடினமான நாள் முழுக்கக் கடினம், லேசான நாள் உண்மையிலேயே லேசு. ஆறு நாளும் நடுத்தரமாக உழைப்பவன் களைத்துப்போவான், முன்னேற மாட்டான்.

திங்கள், கடினம். மாலை 6 மணிக்கு கயிறு 3 ரவுண்டு, ஷேடோ 3, பேக் 4, பேட் 3. எல்லாம் மூன்று நிமிஷ ரவுண்டு, ஒரு நிமிஷ ஓய்வு. போட்டியிலும் மூன்று மூன்று நிமிஷமாக மூன்று ரவுண்டுதான், உடம்புக்கு அந்த மணி பழக வேண்டும். கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு முதல் வெயிட் பாடம். வெயிட்டை முதலில் செய்யாதே. களைத்த தோளோடு பேட் அடித்தால் தப்பான குத்துதான் பழகும்.

செவ்வாய், லேசு. காலை 5:15க்கு மண்டபம் வடகடல் ஓரமாக 5 கிலோமீட்டர். ஓடும்போது பக்கத்தில் ஓடுகிறவனிடம் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், முடியவில்லை என்றால் வேகத்தைக் குறை. மாலை கயிறு 2, ஷேடோ 4. ஷேடோவில் ஜாப் போட்டுவிட்டு இடது பக்கம் விலகுவது மட்டும், வேறொன்றும் வேண்டாம்.

புதன், கடினம். காலை தூங்கு. மாலை ஸ்பாரிங்.

வியாழன், கடினம். காலை வேக ஓட்டம், மாலை கயிறு 3, பேக் 3, இரண்டாம் வெயிட் பாடம். புதனும் வியாழனும் அடுத்தடுத்து வருவது தெரிந்துதான் போட்டிருக்கிறேன். அடுத்த நாள் நன்றாக ஆறிக்கொள்ளலாம்.

வெள்ளி, லேசு. பேட் 4 ரவுண்டு, பாதி வேகம், கண்ணும் காலும் மட்டும். சனி, ஸ்பாரிங் அல்லது பேக் 6 ரவுண்டு. ஞாயிறு ஒன்றும் கிடையாது. கோயிலுக்குப் போ, வீட்டில் இரு. கால்பந்து ஆடப் போனாய் என்று கேள்விப்பட்டால் திங்கள் வரவேண்டாம்.

கயிறு

கயிற்றின் நடுவில் ஒரு காலை வைத்து இழுத்தால் கைப்பிடி அக்குள் வரைக்கும் வர வேண்டும். உன்னுடையது தோளுக்கு மேல் போகிறது, அதனால்தான் முழங்கையை விரித்துக்கொண்டு சுற்றுகிறாய். இன்றைக்கே வெட்டு. முழங்கை விலாவோடு, சுழற்சி மணிக்கட்டில். பாதம் தரையிலிருந்து ஒரு விரல் உயரம் எழுந்தால் போதும். நன்றாகக் கயிறு ஆடுகிறவனின் பாதத்தில் சத்தமே கேட்காது, சிமென்ட் தரையில் கயிறு உரசும் "சர்ர்" மட்டும்தான் கேட்கும். உன்னிடம் எனக்கு "தொப்பு தொப்பு" என்று கேட்கிறது.

மணலில் கயிறு வேண்டாம், தடுக்கும், கெண்டைக்காலை வீணாகப் பிடிக்கும். வலை காயப்போடும் தளத்தில் பழைய ரப்பர் பாயை விரித்து, ஷூ போட்டுக்கொண்டு ஆடு.

முதல் இரண்டு வாரம் இரு கால் தாவலும் மாற்றுக் காலும் மட்டும். மூன்றாம் வாரத்திலிருந்து ஐந்தாம் வாரம் வரை ஒரு ரவுண்டு கூட்டி, ஒவ்வொரு ரவுண்டிலும் கடைசி 30 விநாடி முழங்கால் உயர்த்தி வேகமாக ஆடு. அந்த 30 விநாடிதான் மூன்றாம் ரவுண்டில் உன் குதிகாலைத் தூக்கி வைக்கும். ஆறாம் வாரம் முதல் எல்லா நாளும் 2 ரவுண்டுக்கு இறங்கிவிடலாம், காலைச் சேமிக்க வேண்டும். முன்னங்கால் எலும்பில் விரலால் அழுத்தினால் ஓரிடத்தில் சுருக்கென்று வலித்தால் கயிறையும் ஓட்டத்தையும் நிறுத்திவிட்டு என்னிடம் சொல்.

வெயிட்

வலை இழுப்பது எல்லாமே இழுவை. தள்ளுவதும், ஒற்றைக்காலில் நிற்பதும், இடுப்பைத் திருப்புவதும் அதில் குறைவு. குத்து என்பது பின்கால் தரையைத் தள்ளி, இடுப்பு திரும்பி, கடைசியில் கைக்கு வந்து சேருவது. அதற்குத்தான் இந்த இரண்டு பாடமும். மார்பு பெருக்க அல்ல. பெருத்தால் 60 கிலோவில் நிற்க முடியாது.

முதல் பாடம்: ஸ்குவாட் 4 செட், செட்டுக்கு 5. டம்பெல்லைத் தலைக்கு மேல் தள்ளுவது 3 செட், 6. மணல் நிரப்பிய பந்தைப் பக்கவாட்டில் நின்று சுவரில் எறிவது, பக்கத்துக்கு 5 வீதம் 3 செட். பந்து 3 கிலோ போதும், வேகம்தான் முக்கியம். புல்லப்ஸ் 2 செட்டோடு நிறுத்து.

ஸ்குவாட் கணக்கு இப்படி. முதல் வாரம் 65 கிலோ, இரண்டாம் வாரம் 70, மூன்றாம் வாரம் 75. நான்காம் வாரம் 60க்கு இறங்கி 2 செட் மட்டும். ஐந்தில் 75, 3 செட், 4 முறை. ஆறில் 80, 3 செட், 3 முறை. ஏழில் 60, 2 செட், 3 முறை, வேகமாக எழு. எட்டாம் வாரம் வெயிட்டைத் தொடவே கூடாது. எந்தச் செட்டிலும் இன்னும் இரண்டு முறை தூக்க முடியும் என்ற நிலையில் பாரை வை. நான்காம் வாரம் இறக்குவதைப் பார்த்து ஏமாற்றமாக இருக்கும். உடம்பு பலம் ஏறுவது அந்த ஓய்வில்தான்.

இரண்டாம் பாடம்: டெட்லிஃப்ட் 90 கிலோவில் 3 செட், 4 முறை. 10 கிலோ டம்பெல் இரண்டு பிடித்து முழங்கால் உயரப் பலகையில் ஒற்றைக்காலால் ஏறுவது, காலுக்கு 6, மூன்று செட். முதுகில் 10 கிலோ தட்டு வைத்துத் தண்டால் 3 செட், 8. கழுத்துக்கு உள்ளங்கையால் நான்கு பக்கமும் எதிர்த்துத் தள்ளி 10 விநாடி வீதம் பிடி. கழுத்தை யாரும் மதிப்பதில்லை. அடி விழும்போது தலை ஆடாமல் பிடிப்பது அதுதான். டெட்லிஃப்டும் ஸ்குவாட் போலவே நான்கில் இறங்கி, ஏழில் பாதியாகும்.

படகைச் சுரண்டி பெயின்ட் அடிக்கிற வேலைக்குப் போகும் நாளில் கை நாள் முழுக்கத் தலைக்கு மேல்தான் இருக்கும். அன்று தோள் பயிற்சி வேண்டாம். கூலியை விடச் சொல்ல மாட்டேன், தடைக்காலத்தில் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். ஆனால் என்ன வேலை செய்தாய் என்று வந்ததும் சொல், அதற்குத் தக்கபடி மாற்றித் தருகிறேன்.

ஓட்டம்

வற்றம் இருக்கும்போது ஈரமணல் இறுகிய பகுதியில் ஓடு. கரை சரிவாக இருப்பதால் ஒரே திசையில் ஓடினால் ஒரு பக்க இடுப்புக்கு வேலை அதிகம், ஆகவே போன வழியே திரும்பி வா. பாம்பன் பாலத்தில் ஓட ஆசைப்படுகிறாய், பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகிற இடம், வேண்டாம்.

வியாழன் வேக ஓட்டம் முதல் மூன்று வாரம்: 3 நிமிஷம் வேகமாக, 2 நிமிஷம் நடை, நான்கு முறை. நான்காம் வாரம் அதையே இரண்டு முறை. ஐந்தும் ஆறும்: 15 விநாடி முழு வேகம், 15 விநாடி மெல்ல, இப்படியே 3 நிமிஷம், ஒரு நிமிஷ ஓய்வு, மொத்தம் மூன்று ரவுண்டு. ஏழில் ஒரே ரவுண்டு.

ஸ்பாரிங்

முதல் வாரம் இல்லை. இரண்டாம் வாரம் புதன் மட்டும், ஜாப் மட்டும். மூன்று, ஐந்து, ஆறாம் வாரங்களில் புதனும் சனியும். நான்கிலும் ஏழிலும் புதன் மட்டும், ஏழாம் வாரப் புதனோடு முடிந்தது. 16 அவுன்ஸ் கிளவுஸ், ஹெட்கார்டு, பல்கார்டு. பெரியவர்கள் பிரிவுப் போட்டியில் ஆண்களுக்கு ஹெட்கார்டு இல்லை என்பதற்காகப் பயிற்சியிலும் கழற்றாதே.

அடி வாங்கிய பிறகு தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, பேசியது மறப்பது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ரவுண்டு முடிந்தது. மறைக்காதே. டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரைக்கும் வளையத்துக்குள் விட மாட்டேன், போட்டியே போனாலும் சரி.

எடை, தண்ணீர், சாப்பாடு

எட்டு வாரத்தில் 3.4 கிலோ, வாரம் அரைக்கிலோகூட இல்லை. ராத்திரிச் சோற்றை ஒரு கரண்டி குறைத்து, பரோட்டாவையும் கலரையும் நிறுத்தினாலே இறங்கும். சாளையும் நகரையும் குழம்பாக எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடு, பொரித்தது வாரம் ஒருமுறை. பயிற்சிக்கு முன் இரண்டு வாழைப்பழம் அல்லது கருப்பட்டித் துண்டோடு தண்ணீர். காலையில் உப்புப் போட்ட நீராகாரம் இந்த வெயிலுக்கு நல்லது.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக வேண்டும். 22 வயதில் நான் மழைக்கோட்டு போட்டு மே வெயிலில் ஓடி இரண்டு கிலோ இறக்கினேன். எடை சரியாக நின்றது, இரண்டாம் ரவுண்டில் கால் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றேன். எதிராளி என்னைவிடச் சுமாரானவன்தான். இன்றைக்கும் அது ஆறவில்லை. போட்டி நடக்கும் ஒவ்வொரு நாள் காலையும் எடை பார்ப்பார்கள், ஒரு நாள் காய்ந்து மறுநாள் குடித்து ஏமாற்ற வழியில்லை. கடைசி மூன்று நாள் கருவாடும் ஊறுகாயும் வேண்டாம்.

எட்டாம் வாரம்

திங்கள் பேட் 3 ரவுண்டு. செவ்வாய் கயிறு 2, ஷேடோ 2. புதன் பேட் 2, வேகமாக, சுருக்கமாக. வியாழன் 20 நிமிஷ நடை. வெள்ளி பயணம். உடம்பு துறுதுறு என்று இருக்கும், "இன்னும் கொஞ்சம்" என்று தோன்றும். அந்தத் துறுதுறுப்பை வளையத்துக்குக் கொண்டு போ.

தினமும் காலை எழுந்ததும் படுக்கையிலேயே நாடி எண்ணி நோட்டில் எழுது. உனக்கு 58. இரண்டு நாள் தொடர்ந்து 66க்கு மேல் இருந்தால் அன்று லேசு நாள், அட்டவணை என்ன சொன்னாலும். நோட்டைச் சனிக்கிழமைதோறும் எனக்குக் காட்டு. முதல் சனி வரும்போது வெட்டிய கயிற்றையும் கொண்டு வா, அளந்து பார்க்கிறேன்.